அம்மாவின் ஆர்.டி.யில் 272 ரூபாய் குறைகிறது, எங்கே போனது?

நூல்கண்டு · 12 ஜூன் 2025, இரவு 9.40

அம்மா பெயரில் ஒரு ஆர்.டி. மாதம் 5,000 ரூபாய், 12 மாதம், 7 சதவீதம், காலாண்டுக் கூட்டுவட்டி. போன வருடம் ஜூன் 10 அன்று ஆரம்பித்தது. நேற்று முன்தினம் முதிர்ந்து, சேமிப்புக் கணக்கில் 62,052 ரூபாய் விழுந்திருக்கிறது. ஷீட்டில் நான் போட்டது இது:

```
=FV(7%/12, 12, -5000, 0, 1)
```

வருவது 62,324. ஆக 272 ரூபாய் குறைகிறது. "போனாப் போகுதுடி, பஸ் செலவு கூட ஆகாது" என்கிறார் அம்மா. நான் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவள். 40 பைசா இடித்தாலே எனக்குச் சோறு இறங்காது. இது தப்பா, சரியா?

வட்டிக்கடை · 12 ஜூன், இரவு 10.15

இதில் என்ன ரகசியம்? ஆர்.டி.க்கு வங்கி கொடுப்பது தனி வட்டிதான். கூட்டுவட்டி என்பதெல்லாம் நோட்டீஸ் பலகைக்கு. முதல் தவணைக்கு 12 மாதம், அடுத்ததற்கு 11, இப்படிக் கூட்டினால் 78. 5,000-க்கு 78 மாத வட்டி 2,275. ஆக 62,275 வந்திருக்க வேண்டும். அதிலும் 223 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள். போய்ச் சண்டை போடுங்கள்.

ஓய்வூதியர் · 13 ஜூன், காலை 6.05

34 வருடம் கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன். சண்டை அப்புறம் போடலாம்.

முதலில் உங்கள் சூத்திரம் அம்மா. 7%/12 என்று போட்டால் வட்டி மாதாமாதம் அசலோடு சேர்வதாக ஆகிவிடும். வங்கி மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் சேர்க்கும். காலாண்டுக்கு 1.75 சதவீதம். அதற்குச் சமமான மாத விகிதத்தை எடுத்து இப்படிப் போடுங்கள்:

```
=FV((1+7%/4)^(1/3)-1, 12, -5000, 0, 1)
```

62,310.66 வரும். கணக்கு ஆரம்பித்தபோது கொடுத்த ரசீதில் முதிர்வுத் தொகை 62,311 என்று அச்சாகியிருக்கும், பாருங்கள்.

மீதி 259 ரூபாய்க்கு எந்தச் சூத்திரமும் பதில் சொல்லாது. ஆர்.டி. கணக்கின் ஸ்டேட்மென்டை எடுங்கள். சேமிப்புக் கணக்கின் ஸ்டேட்மென்ட் இல்லை, ஆர்.டி. எண்ணுக்கென்றே தனியாக ஒன்று உண்டு.

நூல்கண்டு · 13 ஜூன், காலை 8.30

சார், ரசீதில் 62,311 என்றே இருக்கிறது. பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து எடுத்தோம். அப்படியானால் என் கணக்கில் 13 ரூபாய் என்னுடைய தப்பு. ஆபீசில் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

நூல்கண்டு · 13 ஜூன், மதியம் 1.20

நெட் பேங்கிங்கில் ஆர்.டி.யையே காணோம். ஜூன் 9 வரை டெபாசிட் பட்டியலில் இருந்தது, முதிர்ந்ததும் மறைந்துவிட்டது. சேமிப்புக் கணக்கு ஸ்டேட்மென்டில் 5,000 போனதும் 62,052 வந்ததும் மட்டும்தான் தெரிகிறது. நடுவில் என்ன நடந்தது என்று ஒரு வரி இல்லை.

தபால்பை · 13 ஜூன், மதியம் 2.45

நானும் இதே பிரச்சினையில்தான் இருக்கிறேன். மகள் பெயரில் தபால் ஆபீசில் ஐந்து வருட ஆர்.டி., மாதம் 10,000, 6.7 சதவீதம். முடியும்போது 7,13,659 கிடைக்கும் என்றார்கள். நான் போட்டுப் பார்த்தால் 7,14,000-க்கு மேல் வருகிறது. அங்கேயும் சுருட்டுகிறார்களா? நடுவில் ஒரு மாதம் கட்ட மறந்ததற்கு 100 ரூபாய் வேறு வாங்கினார்கள்.

நூல்கண்டு · 13 ஜூன், மாலை 6.10

தபால்பை அண்ணா, உங்களுடையது இதே பிரச்சினை இல்லை. நான் செய்த அதே தப்பை நீங்களும் செய்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். சார் கொடுத்த சூத்திரத்தில் 6.7%, 60, 10,000 என்று மாற்றிப் போட்டேன். ரூபாய் பிசகாமல் 7,13,659 வருகிறது. உங்களுக்கு ஒன்றும் குறையவில்லை. 100 ரூபாய் அபராதம்கூட அவர்கள் விதிப்படி சரி, 100-க்கு மாதம் ஒரு ரூபாய்.

உங்கள் புண்ணியத்தில் சூத்திரம் சரி என்று எனக்கும் நம்பிக்கை வந்தது.

தபால்பை · 13 ஜூன், மாலை 6.40

சரிம்மா. ஆனால் நாலு மாதம் விட்டால் கணக்கையே முடக்கிவிடுவார்கள் என்று பயமுறுத்துகிறார்களே?

ஓய்வூதியர் · 13 ஜூன், இரவு 7.30

நாலு தவணை வரை தாங்கும். அதற்கு மேல் விட்டால் கணக்கு நின்றுவிடும். அதன்பிறகு இரண்டு மாதத்துக்குள் பாக்கியைக் கட்டி மீட்கலாம். இதற்குத் தனி இழை போடுங்கள், இங்கே 259 ரூபாயைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

நூல்கண்டுக்கு: டெபாசிட் பக்கத்தில் "மூடிய கணக்குகள்" என்று ஒரு தேர்வு எங்காவது ஒளிந்திருக்கும். இல்லையென்றால் கிளையில் ஆர்.டி. எண்ணைச் சொல்லித் தொடக்க நாளிலிருந்து முடிவு நாள் வரை கேளுங்கள். இந்த ஒரு வருடத்துக்குள் பெயர் மாற்றம், கிளை மாற்றம் எதுவும் நடக்கவில்லையே?

நூல்கண்டு · 14 ஜூன், காலை 11.15

கிடைத்தது. மூடிய கணக்குகள் என்ற தேர்வு இருந்தது, ஆனால் தேதி வரம்பு கொடுத்தால்தான் கண்ணில் படுகிறது. ஒரே நேரத்தில் ஆறு மாதம்தான் தருகிறது. ஆக இரண்டு பிடிஎஃப். இரண்டுக்கும் கடவுச்சொல். ஷீட்டில் ஒட்டினால் ஒரு வரி முழுக்க ஒரே கட்டத்தில் போய் விழுகிறது.

கருப்புத்திரை · 14 ஜூன், மதியம் 12.05

அக்கா, ஆன்லைனில் பிடிஎஃபை எக்செலாக மாற்றித் தரும் தளங்களில் அம்மாவின் ஸ்டேட்மென்டைக் கொண்டுபோய்ப் போடாதீர்கள். பான் எண், முகவரி எல்லாம் அதில் இருக்கும். லினக்ஸ் இருந்தால் இது போதும்:

```
pdftotext -layout -upw PASSWORD rd1.pdf rd1.txt
```

`-layout` இல்லாவிட்டால் தேதி ஒரு பக்கமும் தொகை ஒரு பக்கமுமாகச் சிதறும். வந்த எழுத்தை லிப்ரேஆபீஸில் ஒட்டும்போது இடைவெளியை வைத்துப் பிரிக்கச் சொல்லுங்கள்.

நூல்கண்டு · 14 ஜூன், மாலை 4.50

வேலை செய்தது தம்பி. ஆனால் அம்மா எல்லாத் தவணையையும் அக்டோபர் மாதத்திலேயே கட்டியிருக்கிறார். அக்டோபர் 6, அக்டோபர் 7, அக்டோபர் 8...

கருப்புத்திரை · 14 ஜூன், மாலை 4.58

:) தவணை நாள் 10ஆம் தேதியா? 10-06-2024 என்பதை ஷீட் அமெரிக்க வழக்கப்படி மாதம் முதலில் என்று படித்திருக்கிறது. ஒட்டும்போது வருகிற பெட்டியில் அந்த நெடுவரிசையைத் தொட்டு `Date (DMY)` என்று மாற்றுங்கள். 31-03-2025 மாதிரி ஒரு தேதி இருந்தால் அது மட்டும் எழுத்தாகவே இடதுபக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கும், 31ஆவது மாதம் கிடையாதே. அதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

நூல்கண்டு · 14 ஜூன், மாலை 5.20

ஆமாம், ஒரு 31-03-2025 இடதுபக்கம் தனியாக நிற்கிறது. அது என்ன வரி என்று அப்புறம் பார்க்கிறேன். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று.

தவணை 11தான் இருக்கிறது. 5,000 ரூபாயையே முழுங்கிவிட்டார்கள்! அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

வட்டிக்கடை · 14 ஜூன், மாலை 5.32

சொன்னேனா இல்லையா? குறைதீர்ப்பாளருக்கு எழுதுங்கள். நகலை எனக்கும் அனுப்புங்கள், ரசித்துப் படிக்கிறேன்.

ஓய்வூதியர் · 14 ஜூன், மாலை 6.00

5,000 குறைந்திருந்தால் கையில் 57,000 சொச்சம்தானே வந்திருக்கும்? வந்தது 62,052. முதலில் இருப்பு நெடுவரிசையைப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் பழைய இருப்போடு வரவைக் கூட்டி, பற்றைக் கழித்தால் புது இருப்பு வர வேண்டும். எங்கே 5,000 தாவுகிறதோ அங்கே ஒரு வரி விழுந்துபோயிருக்கிறது.

நூல்கண்டு · 14 ஜூன், இரவு 8.45

வெட்கமாக இருக்கிறது. வரியை விழுங்கியது நான்தான்.

ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பு வரி திரும்பத் திரும்ப வந்தது. அதை ஒழிக்க, ஒரே மாதிரி வரிகளை நீக்கச் சொல்லி ஷீட்டுக்குக் கட்டளை கொடுத்தேன். அதற்கு முன்பே, தேவையில்லை என்று இருப்பு நெடுவரிசையை வெட்டியிருந்தேன். 10-12-2024 அன்று `SI RD INST 5,000.00` இரண்டு முறை இருந்திருக்கிறது. தேதி, விவரம், தொகை மூன்றும் ஒன்று. ஷீட் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டது. இருப்பை வைத்திருந்தால் இரண்டும் வேறு வேறு வரி என்று அதற்கே தெரிந்திருக்கும்.

தவணை 12 சரியாக இருக்கிறது. ஆனால் ஒரே நாளில் ஏன் இரண்டு? நவம்பரில் தவணையே இல்லை.

நூல்கண்டு · 14 ஜூன், இரவு 9.10

கண்டுபிடித்தேன். 2024 நவம்பர் 10 ஞாயிற்றுக்கிழமை. சேமிப்புக் கணக்கில் அன்று 5,000 இல்லை. மேல் வீட்டு வாடகை திங்கள்தான் வந்தது. ஒரு நாள்! தானியங்கி உத்தரவு ஞாயிறன்று முயன்று தோற்று, அதோடு விட்டுவிட்டு, டிசம்பர் 10 அன்று இரண்டு தவணையாக எடுத்திருக்கிறது.

தவணைகளைத் தவிர்த்து மீதி வரிகள் இவை:

```
10-09-2024  INT PD     175.00
10-09-2024  TDS         18.00
10-12-2024  INT PD     411.00
10-12-2024  TDS         41.00
10-03-2025  INT PD     709.00
10-03-2025  TDS         71.00
31-03-2025  TDS         21.00
10-06-2025  INT PD     983.00
10-06-2025  RD PENAL    75.00
```

வட்டி மொத்தம் 2,278. டி.டி.எஸ். 151. அபராதம் 75. 60,000 + 2,278 − 151 − 75 = 62,052. பணம் எங்கே போனது என்று தெரிந்துவிட்டது. ஆனால் ரசீதுப்படி 2,311 வட்டி வர வேண்டும், வந்தது 2,278. இந்த 33?

வட்டிக்கடை · 14 ஜூன், இரவு 9.25

நூல்கண்டு, நான் என்ன எண் சொன்னேன்? 2,275. உங்கள் ஸ்டேட்மென்டில்? 2,278. தனி வட்டி, அதற்கு மேல் கண்துடைப்புக்கு மூன்று ரூபாய். சார் இப்போது என்ன சொல்கிறார்?

நூல்கண்டு · 14 ஜூன், இரவு 11.50

தூக்கம் வரவில்லை. வட்டிக்கடை சொல்வதில் உண்மை இருக்கும் போலிருக்கிறது. 2,278-க்கும் 2,275-க்கும் மூன்று ரூபாய்தான் வித்தியாசம். கூட்டுவட்டிக் கணக்கோடு 33. எது பக்கத்தில் இருக்கிறது என்று குழந்தைகூடச் சொல்லும்.

ஓய்வூதியர் · 15 ஜூன், காலை 6.20

அதனால்தான் மொத்தத்தைப் பார்க்காதீர்கள் என்பது. இரண்டு வேறு காரணங்கள் சேர்ந்து ஒரே எண்ணில் போய் நிற்கும். வரி வரியாக வாருங்கள்.

கிளையில் நாங்கள் போடும் முறை சுலபம். காலாண்டு ஆரம்பத்தில் இருக்கும் இருப்புக்கு 1.75 சதவீதம். அந்தக் காலாண்டில் புதிதாக வந்த மூன்று தவணைகளில் முதலாவதுக்கு மூன்று மாத வட்டி 87.50, இரண்டாவதுக்கு இரண்டு மாதம் 58.33, மூன்றாவதுக்கு ஒரு மாதம் 29.17. மூன்றும் சேர்ந்து 175. முதல் காலாண்டில் பழைய இருப்பு இல்லை, அதனால் வெறும் 175. உங்கள் முதல் வரி சரி.

தனி வட்டி என்றால் கடைசிக் காலாண்டில் என்ன வரும்? அதற்கு முன் கட்டியது 45,000. அதில் 1.75 சதவீதம் 787.50, புதுத் தவணைகளுக்கு 175. ஆக 962.50. வங்கி போட்டிருப்பது 983. தனி வட்டி கொடுக்கிற வங்கி 20 ரூபாயைத் தானமாகத் தராது.

மீதிக் காலாண்டுகளை நீங்களே போடுங்கள். நான் நடக்கப் போகிறேன்.

நூல்கண்டு · 15 ஜூன், மதியம் 3.30

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி ஆறுகிறது, நான் ஷீட்டோடு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் எல்லாம் ஒழுங்காகக் கட்டியிருந்தால் என்ன வந்திருக்கும் என்று சார் முறையில் போட்டேன். 175, 440.56, 710.77, 985.71. மொத்தம் 2,312.05. சூத்திரத்தைவிட ஒரு ரூபாய் சொச்சம் அதிகம். காலாண்டுக்குள் தனி வட்டி, முடிவில் சேர்ப்பு என்பதால் இந்த வித்தியாசம் என்று நினைக்கிறேன். அதை விடுவோம்.

இப்போது நடந்தபடி. செப்டம்பர் 10 அன்று 15,000 + 175, அதில் டி.டி.எஸ். 18 போக 15,157. அதற்கு மூன்று மாத வட்டி 265.25. செப்டம்பர் தவணைக்கு 87.50, அக்டோபருக்கு 58.33. நவம்பர் தவணை வரவே இல்லை, அதனால் 29.17 கிடையாது. மொத்தம் 411.08. ஸ்டேட்மென்டில் 411! இதைப் பார்த்ததும் கத்திவிட்டேன். யாரோ செத்துவிட்டார்கள் என்று அம்மா ஓடி வந்தார்.

மூன்றாவது காலாண்டு: 15,157 + 10,000 + 411 − 41 = 25,527. டிசம்பர் 10 அன்று வந்த இரண்டு தவணையையும் சேர்த்தால் 35,527. அதற்கு 621.72, ஜனவரிக்கு 58.33, பிப்ரவரிக்கு 29.17. 709.22. ஸ்டேட்மென்டில் 709. முழு ரூபாயாக்கிப் போடுகிறார்கள் என்று தெரிகிறது.

கடைசியில் 983 வருகிறதா என்று பார்க்க அந்த 31-03-2025 வரி குறுக்கே நிற்கிறது. அன்று வட்டி எதுவும் வரவு வைக்கவில்லை. வட்டியே இல்லாமல் டி.டி.எஸ். 21 எப்படிப் பிடிப்பார்கள்?

கருப்புத்திரை · 15 ஜூன், மாலை 4.00

மார்ச் 10-ஆம் தேதி பிடித்ததில் ஏதோ பாக்கி இருக்கும் அக்கா. கம்ப்யூட்டர் தப்பாகக்கூட இருக்கலாம்.

ஓய்வூதியர் · 15 ஜூன், இரவு 7.10

பாக்கியும் இல்லை, தப்பும் இல்லை. மார்ச் 31 நிதியாண்டு முடிவு. வட்டியை உங்களுக்கு வரவு வைப்பது ஜூன் 10 என்றாலும், மார்ச் 10 முதல் 31 வரை ஊறிய வட்டியை வங்கி தன் புத்தகத்தில் அந்த வருடச் செலவாக எழுதியாக வேண்டும். அப்படி ஒதுக்கி வைத்த வட்டிக்கும் வரி பிடிக்க வேண்டும் என்பது சட்டம். மார்ச் 10 அன்று தவணையும் சேர்ந்து இருப்பு எவ்வளவு?

நூல்கண்டு · 15 ஜூன், இரவு 7.25

35,527 + 10,000 + 709 − 71 = 46,165. மார்ச் தவணையோடு 51,165. 21 நாளைக்கு 7 சதவீதம்... 206.06. அதில் பத்தில் ஒரு பங்கு 20.6. அட, 21!

அந்த 21 போன பிறகு இருப்பு 51,144. ஜூன் 10 வரை போட்டால் 982.60. ஸ்டேட்மென்டில் 983. நாலு வரியும் ஒத்துப்போய்விட்டது.

நூல்கண்டு · 15 ஜூன், இரவு 7.50

அப்படியானால் அந்த 34 ரூபாய் (நியாயமாக வர வேண்டிய 2,312-க்கும் வந்த 2,278-க்கும் உள்ள இடைவெளி) இப்படிப் பிரிகிறது. நவம்பர் தவணை ஒரு மாதம் தாமதமானதால் போன வட்டியும் அதன் மேல் ஏறியிருக்க வேண்டியதும் சேர்த்து ஏறக்குறைய 30. மீதி 4, டி.டி.எஸ்.ஸை ஆர்.டி.யிலிருந்தே எடுத்ததால் இருப்பு குறைந்து போனது. வட்டிக்கடையின் 2,275 வெறும் தற்செயல்.

வட்டிக்கடை · 15 ஜூன், இரவு 8.30

தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் ஒன்று கேட்கிறேன், சார் பதில் சொல்லட்டும். நவம்பர் தவணை தாமதம் என்று அந்த மாத வட்டி 29.17 கொடுக்கவில்லை. சரி, பணம் அவர்கள் கையில் இல்லை, கொடுக்க வேண்டாம். அப்புறம் எதற்கு 75 ரூபாய் அபராதம்? ஒரு குற்றத்துக்கு இரண்டு தண்டனையா?

ஓய்வூதியர் · 16 ஜூன், காலை 6.15

இந்தக் கேள்வி நல்ல கேள்வி. 100 ரூபாய்க்கு மாதம் 1.50 என்ற விகிதம் வழக்கத்தில் உள்ளதுதான், 5,000-க்கு 75 வரும். எங்கள் காலத்தில் பழக்கம், எல்லாத் தவணையும் நேரத்துக்கு வந்ததாகவே வைத்து ரசீதில் உள்ள தொகையைக் கொடுத்துவிட்டு, அதில் அபராதத்தைக் கழிப்பது. இப்போது மென்பொருள் உண்மையான தேதிப்படி வட்டி போட்டுவிட்டு அபராதத்தையும் எடுக்கிறது. ரசீதின் பின்பக்க நிபந்தனையில் இரண்டும் எழுதியிருந்தால் அவர்கள் பக்கம்தான் சட்டம். எனக்கு அது உறுத்துகிறது என்பது வேறு.

டி.டி.எஸ். பற்றி யாரும் கேட்கவில்லையே? அம்மாவுக்கு வேறு டெபாசிட் இருக்கிறதா?

நூல்கண்டு · 16 ஜூன், காலை 9.00

அதே வங்கியில் 6 லட்சம் எஃப்.டி. இருக்கிறது சார், வருடம் 42,000 வட்டி. அம்மாவுக்கு 58 வயதுதான். வருடா வருடம் ஏப்ரலில் 15ஜி கொடுத்துவிடுவோம், எஃப்.டி.யில் பிடிக்கவில்லை. ஆர்.டி.யில் மட்டும் ஏன்?

ஓய்வூதியர் · 16 ஜூன், காலை 9.40

2015 ஜூன் முதலே ஆர்.டி. வட்டியும் டி.டி.எஸ். வளையத்துக்குள் வந்துவிட்டது. அதற்கு முன் கிடையாது, இன்னும் நிறையப் பேர் பழைய நினைப்பிலேயே இருக்கிறார்கள். போன நிதியாண்டில் வரம்பு 40,000. எஃப்.டி. ஒன்றே அதைத் தாண்டிவிட்டது. வரம்பு வங்கியின் மொத்த வட்டிக்குத்தான், தனித்தனிக் கணக்குக்கு இல்லை. 2024 ஏப்ரலில் நீங்கள் 15ஜி கொடுத்தபோது ஆர்.டி. பிறக்கவே இல்லை. ஜூனில் ஆரம்பித்தபோது அதற்கும் ஒன்று கொடுத்திருக்க வேண்டும். இந்த ஏப்ரலில் கொடுத்ததில் ஆர்.டி.யும் சேர்ந்திருக்கும், அதனால்தான் ஜூன் 10 அன்று 983-க்கு ஒன்றும் பிடிக்கவில்லை.

151 ரூபாய் எங்கும் போகவில்லை. 26ஏஎஸ்-ல் நிற்கும். கணக்குத் தாக்கல் செய்தால் திரும்ப வரும், இந்த வருடம் செப்டம்பர் 15 வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

நூல்கண்டு · 22 ஜூன், மாலை 6.30

26ஏஎஸ் பார்த்தேன், 151 இருக்கிறது. வங்கியிடம் வட்டிச் சான்றிதழும் வாங்கினேன். போன நிதியாண்டுக்கு ஆர்.டி. வட்டி 1,501 என்கிறது. முதலில் குழம்பினேன், ஸ்டேட்மென்டில் மார்ச் வரை 175 + 411 + 709 = 1,295தான். அப்புறம் உறைத்தது, அந்த 206 இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. மீதி 777தான் இந்த வருடத்து வருமானம். ஜூனில் வந்த 983-ஐ அப்படியே இந்த வருடத்தில் காட்டியிருந்தால் 206-க்கு இரண்டு தடவை கணக்குச் சொல்லியிருப்பேன்.

ஆக 272-இல் என் சூத்திரத்தின் தப்பு 12, அம்மா கணக்கில் ஒரு நாள் பணம் இல்லாததால் 30 வட்டியும் 75 அபராதமும், 15ஜி மறந்ததால் 151-உம் அதன் வட்டி 4-உம். வங்கி சுருட்டியது என்று தனியாக எதையும் எடுத்துக்காட்ட முடியவில்லை. வட்டிக்கடை மன்னிக்கவும்.

வட்டிக்கடை · 22 ஜூன், இரவு 7.05

75 என்னுடையது. அதை விட மாட்டேன்.

நூல்கண்டு · 3 ஜூலை, மாலை 5.45

75 பற்றிக் கிளையில் கேட்டேன். நிபந்தனையில் அபராதம் எழுதியிருக்கிறது, தாமதமான மாதத்துக்கு வட்டி கிடையாது என்று எழுதவில்லை. அதைக் காட்டினேன். கவுன்டரில் இருந்த பெண் படித்துப் பார்த்துவிட்டு, "சிஸ்டம் அப்படித்தான் போடுதுங்க" என்றார். எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். பதில் இல்லை.

அன்றைக்கே புது ஆர்.டி. போட்டாயிற்று. வட்டி இப்போது 6.5தான். தவணை நாளை வாடகை வருவதற்குத் தோதாக 15 என்று மாற்றினோம், முதல் தவணையை ஜூலை 15 அன்று எடுப்பார்கள். 15ஜி அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். ஸ்டேட்மென்டை ஒவ்வொரு காலாண்டும் இறக்கி வைக்கப் போகிறேன், இருப்பு நெடுவரிசையோடு.

முதல் வரி அக்டோபர் 15 அன்று வரும். என் கணக்கில் 162.50. முழு ரூபாயாக்கினால் 162 போடுவார்களா, 163 போடுவார்களா?

ஓய்வூதியர் · 4 ஜூலை, காலை 6.10

163.

வட்டிக்கடை · 4 ஜூலை, காலை 10.20

162. ஒரு டீ பந்தயம்.